ரிப்போர்ட்டா, வீடியோவா, ஒரே ஒரு குறையா: ஸ்டார்ட்அப்புக்கு எதை அனுப்புவது?

கோவையில் இட்லி மாவை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஒரு சின்ன ஸ்டார்ட்அப். அத்தைக்காக அவர்கள் தளத்தில் ஆர்டர் போட உட்கார்ந்தேன். முதலில் பின்கோடு கேட்டது. அத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த முகவரியிலிருந்து எண்ணை நகலெடுத்து ஒட்டினேன். "உங்கள் பகுதிக்கு நாங்கள் இன்னும் வரவில்லை" என்றது. அத்தை இருப்பது ஆர்.எஸ்.புரம். அவர்கள் வண்டி அந்தத் தெருவில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஃப்ரீலான்ஸ் வேலையில் இருப்பவனுக்கு இப்படி ஒன்று கண்ணில் பட்டால், மாவு மறந்துபோகும். இதை அவர்களிடம் சொல்லலாம், சொல்லி ஒரு வேலையும் பிடிக்கலாம் என்று மனசு ஓடும். என்ன சொல்வது என்பதைவிட எந்த வடிவத்தில் சொல்வது என்பதில்தான் நான் பல வருடம் தடுமாறியிருக்கிறேன். நான்கு வழிகளை முயன்று பார்த்திருக்கிறேன்: டூல் தரும் முழு ரிப்போர்ட்டை அனுப்புவது, வீடியோ எடுத்து அனுப்புவது, குறையை நாமே சரிசெய்து காட்டுவது, ஒரே ஒரு குறையைச் சின்ன மெயிலில் எழுதுவது. நான்கும் ஒன்றுக்கொன்று சமமில்லை.

முழு ரிப்போர்ட்

ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது இதுதான். குரோமிலேயே இருக்கும் தளச் சோதனைக் கருவியான லைட்ஹவுஸை ஓட்டி, சிவப்பும் ஆரஞ்சுமாக வரும் மதிப்பெண்களை பிடிஎஃப்பாக்கி, "உங்கள் தளத்தின் வேகம் 34தான்" என்று அனுப்புவது. பத்து நிமிட வேலை, பார்க்கவும் கனமாக இருக்கும். அதே ரிப்போர்ட்டை அவர்களும் பத்து நிமிடத்தில் இலவசமாக எடுக்கலாம் என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு அப்படி அனுப்பியிருந்தேன். முதல் பக்கத்தின் முக்கியப் படம் தெரிய 7 நொடிக்கு மேல் ஆகிறது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். அவர்களின் டெக்னிக்கல் தலைவரிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது: "பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மேல் பகுதியைப் பார்த்தீர்களா?" பார்த்தேன். எல்லாம் பச்சை.

லைட்ஹவுஸ் மொபைல் சோதனை ஒரு நாடகம் மாதிரி. நடுத்தர ஆண்ட்ராய்டு போன் ஒன்று மெதுவான 4ஜியில் இருப்பதாகப் பாவித்து, இணைப்பை நொடிக்கு 1.6 மெகாபிட்டாகக் குறைத்து, கணினியின் வேகத்தை நான்கில் ஒன்றாக்கிக் கணக்கிடுகிறது. அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினாலே எண் மாறும். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் பக்கத்தின் மேல் பகுதியோ கடந்த 28 நாட்களில் உண்மையான குரோம் பயனர்களிடம் அந்தத் தளம் எப்படி ஓடியது என்பதைக் காட்டுகிறது. முக்கியப் படம் அல்லது எழுத்து தெரியும் நேரத்துக்கு எல்சிபி என்று பெயர். நூற்றில் எழுபத்தைந்து வருகைகளில் அது 2.5 நொடிக்குள் இருந்தால் பச்சை, 4 நொடியைத் தாண்டினால் சிவப்பு. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் நல்ல போனும் நல்ல வைஃபையும் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு இல்லாத ஒரு வியாதிக்கு நான் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

வேகத்தைப் பற்றி எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. மேல் பகுதியே சிவப்பாக இருந்து, அதற்கு ஒரு தெளிவான காரணமும் கிடைத்தால் எழுதலாம். உதாரணமாக, முதல் திரையில் வரும் பெரிய படத்துக்கே `loading="lazy"` போட்டிருப்பார்கள். கீழே இருக்கும் படங்களைத் தள்ளிப்போடுவதற்கான சொல் அது. மேலே இருக்கும் படத்தில் போட்டால், முதலில் வரவேண்டியதே தாமதமாக வரும். அப்போதும் ரிப்போர்ட் தேவையில்லை, அந்த ஒரு வரி போதும். பயனர் குறைவாக உள்ள சின்னத் தளங்களுக்கு அந்த மேல் பகுதி காலியாகவே இருக்கும். மாவுக் கடைக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த நிலையில் வேகத்தைப் பற்றி நாம் சொல்வது எல்லாம் ஊகம்.

இன்னொன்றும் உண்டு. முப்பது குறைகளின் பட்டியலை ஃபவுண்டர் படிக்கமாட்டார், அந்தத் தளத்தைக் கட்டியவருக்கு ஃபார்வர்டு செய்வார். அந்தப் பையன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பான். அதில் பாதி நியாயமாகவும் இருக்கும். மீதிப் பாதியோடு சேர்ந்து உங்கள் பெயரும் குப்பைக்குப் போகும்.

வீடியோ

திரையைப் பதிவு செய்துகொண்டே பேசி அனுப்பும் ஒன்றரை நிமிட வீடியோவை இப்போது பலர் சிபாரிசு செய்கிறார்கள். முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, நம்பிக்கை வருகிறது என்பது வாதம். எனக்கு அதில் பாதி ஒப்புதல்தான்.

அசைவில் மட்டுமே தெரியும் குறைகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. "வாங்கு" பொத்தானை அழுத்தப் போகும் நேரத்தில் மேலே ஒரு சலுகைப் பட்டை தாமதமாக வந்து, எல்லாம் கீழே நகர்ந்து, விரல் வேறு பொருளின் மேல் படுகிறது. இதை எழுத்தில் விளக்கினால் நான்கு வரி ஆகும், படித்தவருக்கும் புரியாது. பதிவு செய்து காட்டினால் ஐந்து நொடி.

பின்கோடு மாதிரி ஒரு குறைக்கு வீடியோ சுமை. ஃபவுண்டர் அதை மீட்டிங்கிலோ ஆட்டோவிலோ திறப்பார், சத்தத்தை ஆன் செய்யமாட்டார். பார்த்தாலும் அதிலிருந்து எதையும் நகலெடுத்து டெவலப்பருக்கு ஒட்ட முடியாது. முன்பின் தெரியாதவர் அனுப்பிய லிங்க்கை அழுத்தப் பலருக்குத் தயக்கமும் உண்டு. அதனால் வீடியோ எடுத்தாலும் பேச்சில்லாமல், இருபது நொடிக்குள், மெயிலுக்குத் துணையாக மட்டும் வைக்கிறேன். எடுக்கும்போது போனில் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். ஒருமுறை என் பதிவின் நடுவே வங்கிக் குறுஞ்செய்தி மீதித் தொகையோடு இறங்கியது. விலை பேசும் இடத்தில் அது நல்ல அறிமுகம் அல்ல.

நாமே சரிசெய்து காட்டுவது

முதல் பக்கத்தையே புதிதாக வடிவமைத்து "இப்படி இருந்தால் எப்படி இருக்கும்" என்று அனுப்புவது. எனக்கு இதில் எட்டு மணி நேரம் வரை போயிருக்கிறது. அவர்களின் அளவுகோல் என்ன, ஏன் அந்தப் பொத்தான் அங்கே இருக்கிறது, போன மாதம் எதை மாற்றிப் பார்த்துத் தோற்றார்கள் என்று எதுவும் தெரியாமல் செய்யும் வேலை அது. ரசனை ஒத்துப்போனால் வேலை கிடைக்கும், அவ்வளவுதான். டிசைனர்களுக்கு இது பொருந்தலாம். டெவலப்பருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஒரு குறை, ஒரு மெயில்

எனக்கு இதுதான் பலன் தந்திருக்கிறது. ஆனால் மெயில் சின்னதாக இருப்பதாலேயே வேலை சின்னது என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்து பதினைந்து வரி, அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் தோண்ட வேண்டியிருக்கும்.

முதலில் குறை உண்மையா என்று பார்க்க வேண்டும். பின்கோடு பிரச்சினையை மறைநிலை விண்டோவில், எக்ஸ்டென்ஷன்கள் எதுவும் இல்லாமல், பிறகு வேறு பிரவுசரில், பிறகு அத்தையின் போனில் என்று மூன்று இடத்தில் செய்து பார்த்தேன். விளம்பரத் தடுப்பான் போட்டிருக்கும் நம் கணினியில் மட்டும் பொத்தான் வேலை செய்யாமல் போவது சாதாரணம். கிளிக்கை எண்ணும் ஸ்கிரிப்ட்டை அது தடுத்திருக்கும், அதை நம்பியிருந்த பொத்தானும் சேர்ந்து செத்திருக்கும். அதுவும் ஒரு குறைதான், ஆனால் அதை வேறு விதமாகச் சொல்ல வேண்டும்.

அடுத்து காரணம். கையால் 641002 என்று தட்டினால் தளம் ஏற்றுக்கொண்டது. ஒட்டினால் மறுத்தது. அத்தை எழுதியிருந்தது 641 002, நடுவில் இடைவெளியோடு. நம் ஊரில் கடிதத்தில் பின்கோடை அப்படித்தானே எழுதுகிறோம். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்து மறுபடி ஒட்டினேன். சர்வருக்குப் போன கோரிக்கையின் கடைசியில் இருந்தது இது:

```
?pin=641%2000
```

`%20` என்பது இடைவெளி. அதாவது போனது 641 00. கடைசி 2 எங்கே? பெட்டியின் எச்டிஎம்எல்லைப் பார்த்தால் `maxlength="6"` என்று இருக்கிறது. ஆறு எழுத்துக்கு மேல் பெட்டி வாங்காது. இடைவெளியும் ஓர் எழுத்தாக எண்ணப்பட, பிரவுசரே கடைசி எண்ணை வெட்டிவிடுகிறது. திரையில் 641 00 என்று தெரியத்தான் செய்கிறது. அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்?

இந்தத் தளத்தில் வேறு குறைகளும் கண்ணில் பட்டன. வாட்ஸ்அப்பில் லிங்க்கைப் பகிர்ந்தால் படம் வருவதில்லை. யுபிஐயில் பணம் கட்டுவதைப் பாதியில் ரத்து செய்து திரும்பினால் கூடை காலியாகிவிடுகிறது. ஒரு பக்கத்தில் தலைப்பு எழுத்துப்பிழை. இவற்றில் பின்கோடைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஃபவுண்டர் தன் போனிலேயே அரை நிமிடத்தில் செய்து பார்க்கலாம், யாரையும் நம்ப வேண்டியதில்லை. அதோடு, அந்தப் பெட்டியைத் தாண்டாதவர் எதையுமே வாங்க முடியாது. கூடை காலியாவது இதைவிடப் பெரிய குறையாக இருக்கலாம், ஆனால் அதன் காரணத்தை வெளியிலிருந்து என்னால் பார்க்க முடியவில்லை. காரணம் தெரியாத குறையை முன்னால் வைத்தால், புகார் சொல்லும் வாடிக்கையாளருக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்காது.

அவர்கள் தளமே தமிழில் இருந்ததால் மெயிலையும் தமிழிலேயே எழுதினேன்:

> தலைப்பு: ஆர்.எஸ்.புரம் பின்கோடை ஒட்டினால் "வரவில்லை" என்கிறது
>
> வணக்கம் மேடம்,
>
> நேற்று மாலை உங்கள் தளத்தில் மாவு ஆர்டர் செய்யப் பார்த்தேன். பின்கோடை இடைவெளியோடு நகலெடுத்து ஒட்டினால் "உங்கள் பகுதிக்கு நாங்கள் இன்னும் வரவில்லை" என்று வருகிறது. இடைவெளி இல்லாமல் தட்டினால் ஏற்கிறது. உங்கள் போனிலேயே பார்க்கலாம், இதை அப்படியே ஒட்டுங்கள்: 641 002
>
> பெட்டி ஆறு எழுத்துக்கு மேல் வாங்குவதில்லை. இடைவெளியும் ஓர் எழுத்தாகிவிடுவதால் கடைசி எண் வெட்டுப்பட்டு, சர்வருக்கு 641 00 என்று போகிறது.
>
> எத்தனை பேருக்கு இப்படி ஆனது என்று எனக்குத் தெரியாது. உங்கள் சர்வர் பதிவில் pin=641%20 என்று தேடினால் எண்ணிக்கை கிடைக்கும்.
>
> நான் கோவையில் தனியாக வேலை செய்யும் வெப் டெவலப்பர். ஆர்டர் தொடங்குவதிலிருந்து பணம் கட்டுவது வரை உள்ள வழியைப் பல போன்களில் சோதித்துச் சரிசெய்து தருவது என் வேலை. யுபிஐயில் பணம் கட்டுவதை ரத்து செய்தால் கூடை காலியாவதையும் கவனித்தேன். அதன் காரணத்தைக் கோடு பார்த்தால்தான் சொல்ல முடியும். விருப்பமென்றால் இந்த வாரம் பத்து நிமிடம் பேசலாம்.

கீழே என் பெயர், போன் எண். அவ்வளவுதான். அட்டாச்மென்ட் இல்லை, பழைய வேலைகளின் பட்டியல் இல்லை.

இந்த மெயிலில் எனக்கு முக்கியமான வரி, எண்ணிக்கை தெரியாது என்பதுதான். "தினமும் நூறு வாடிக்கையாளர்களை இழக்கிறீர்கள்" என்று எழுதக் கை துடிக்கும். அந்த எண் என்னிடம் இல்லை, அவர்களிடம் இருக்கிறது. கோவைப் பின்கோடுகள் எல்லாம் 641-இல் தொடங்குவதால், ஒரே தேடலில் வெட்டுப்பட்ட அத்தனையும் வந்துவிடும். நான் சொல்லும் நூறைவிட அவர்களே எண்ணிப் பார்க்கும் பதினைந்துக்கு எடை அதிகம்.

இலவசமாகக் காரணத்தைச் சொல்லிவிட்டால் அவர்களே சரிசெய்துகொண்டு போய்விடமாட்டார்களா? போவார்கள். எனக்கு அப்படிப் பலமுறை ஆகியிருக்கிறது. "நன்றி, சரிசெய்துவிட்டோம்" என்று ஒரு வரி வரும், சில சமயம் அதுவும் வராது. ஆனால் காரணத்தை மறைத்துவைத்து "உங்கள் தளத்தில் ஒரு பெரிய பிரச்சினை இருக்கிறது, பேசலாமா" என்று எழுதிப் பார்த்தபோது பதிலே வந்ததில்லை. அந்தத் தொனியில் நாள் முழுக்க மோசடி மெயில்கள்தானே வருகின்றன.

யாருக்கு அனுப்புவது என்பது நிறுவனத்தின் அளவைப் பொறுத்தது. ஏழெட்டு பேர் இருக்கும் இடத்தில் ஃபவுண்டருக்கே அனுப்பலாம். டெக்னிக்கல் தலைவர் என்று ஒருவர் இருந்தால் அவருக்குத்தான் அனுப்ப வேண்டும். அவரைத் தாண்டி மேலே அனுப்பினால், அவர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். அனுப்பும் நாள் காலையில் குறை இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட்அப்புகள் வாரத்துக்கு நாலு முறை தளத்தை மாற்றுபவை.

வேலை பிடிக்க எந்த வடிவத்திலும் அனுப்பக் கூடாத ஒன்று

பாதுகாப்புக் குறை. ஆர்டர் பக்கத்தின் முகவரியில் `order=1042` என்று இருக்கிறது, 1043 என்று மாற்றினால் இன்னொருவர் வீட்டு முகவரி வருமோ என்று தோன்றும். மாற்றிப் பார்க்காதீர்கள். அனுமதியில்லாமல் அடுத்தவர் தகவலுக்குள் நுழைவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43, 66 பிரிவுகளுக்குள் வரக்கூடிய விஷயம். நல்லெண்ணம் என்று பின்னால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். தற்செயலாகக் கண்ணில் பட்டுவிட்டால் அதை மட்டும் சொல்லி ஒரு மெயில் அனுப்பலாம். `/.well-known/security.txt` என்ற கோப்பில் முகவரி கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்கலாம், பதில் வராவிட்டால் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கலாம். அந்த மெயிலில் உங்கள் தொழிலைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. "உங்கள் பூட்டு உடைந்திருக்கிறது, நான் பூட்டு செய்பவன், ரேட் இது" என்று முன்பின் தெரியாதவன் வாசலில் நின்று சொன்னால் எப்படிக் கேட்கும்?

மாவுக் கடைக்கு மெயில் போன மறுநாள் எதுவும் வரவில்லை. அதற்கடுத்த நாள் மாலை பதில் வந்தது, மேடத்திடமிருந்து அல்ல, அவர்களின் டெவலப்பரிடமிருந்து. "அண்ணா, `trim()` போட்டுட்டேன். இன்னும் அதே தான் வருது." `trim()` முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளியை மட்டும்தான் நீக்கும், நடுவில் இருப்பதைத் தொடாது. நடுவில் இருப்பதை நீக்கினாலும் போதாது. கோடு ஓடுவதற்கு முன்பே பெட்டி எண்ணை வெட்டிவிட்டதே. இரண்டையும் சேர்த்து எழுதி அனுப்பினேன்:

```html
<input id="pin" inputmode="numeric" maxlength="7">
```

```js
const box = document.getElementById("pin");
const pin = box.value.replace(/\D/g, "");
```

பெட்டி ஏழு எழுத்து வாங்கட்டும், பிறகு எண் அல்லாத எல்லாவற்றையும் கோடு கழித்துவிடட்டும். பத்து நிமிடத்தில் "வந்துடுச்சு அண்ணா" என்றான்.

அன்று இரவே மேடம் போன் செய்தார். பதிவில் தேடிப் பார்த்திருக்கிறார்கள், ஒரு வாரத்தில் 43. அதில் சில, ஒரே ஆள் மூன்று நான்கு முறை முயன்றது என்றும் சொன்னார். அதைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. "அந்தக் கூடை விஷயம் என்ன?" என்று கேட்டார். மூன்று நாள் வேலையாக எடுத்துக்கொண்டேன். கூடையை `sessionStorage`-இல் வைத்திருந்தார்கள். அது ஒரு டேபுக்கு மட்டும் சொந்தமான இடம். யுபிஐ ஆப்பிலிருந்து திரும்பும்போது சில போன்களில் தளம் புது டேபில் திறந்தது, புது டேபுக்கு மாவும் தெரியாது, கூடையும் தெரியாது.